ஜன்னலா, விளக்கா, ஸ்டுடியோவா: சுங்குடிக்குப் படம் எடுக்க எது ஒத்துவரும்?

மதுரையில் என் சித்தி மகள் சுங்குடிப் புடவை விற்கிறாள். கடை என்று தனியாக இல்லை. இன்ஸ்டாகிராம் பக்கமும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான் கடை. சாயம் போடுபவர்களிடமிருந்து வாரத்துக்கு எட்டுப் பத்துப் புடவை வரும், வந்த கையோடு படம் எடுத்துப் போட்டுவிடுவாள். போன வருடம் ஒரு நாள் ஃபோனில் கூப்பிட்டாள். "அண்ணா, ஒரே அரக்குப் புடவையை மூணு தடவை போட்டேன். ஒரு அக்கா மூணுக்கும் தனித்தனியா விலை கேக்குறாங்க."

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த அக்கா மேல் தப்பில்லை. காலையில் தாழ்வாரத்தில் எடுத்த படத்தில் புடவை அரக்காகவே இருந்தது. இரவில் ட்யூப் லைட்டுக்குக் கீழே எடுத்ததில் காய்ந்த புளி நிறம். மாலையில் மொட்டைமாடிக் கொடியில் போட்டு எடுத்ததில் செங்கல். பின்னால் ஒன்றில் பச்சைச் சுவர், ஒன்றில் மரக்கதவு, ஒன்றில் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. தனித்தனியாகப் பார்த்தால் மோசமான படங்கள் இல்லை. சேர்த்துப் பார்த்தால் மூன்று பேர் நடத்தும் மூன்று கடை மாதிரி இருந்தது.

கடைகளுக்குப் பொருள் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், என்ன கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்டாள். கேமராவைத் தள்ளி வைக்கச் சொன்னேன். கையில் இருந்த ஃபோனே போதும். முடிவு செய்ய வேண்டியது வேறு: வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதா, வீட்டிலேயே விளக்கு வைத்து ஒரு மூலையை ஒதுக்குவதா, மாதம் ஒரு முறை ஸ்டுடியோவுக்கு அனுப்புவதா. மூன்றிலும் அழகான படம் வரும். அதனால் அழகை அளவுகோலாக வைத்தால் முடிவே எடுக்க முடியாது. நான் வைத்த கேள்வி ஒன்றுதான். இன்று எடுக்கும் புடவையும் ஐந்து மாதம் கழித்து எடுக்கும் புடவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நாளில் எடுத்த மாதிரி இருக்குமா?

ஜன்னல்

காசு செலவில்லாத வழி. பெரிய ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சத்துக்கு ஈடாகத் துணியைக் காட்டும் விளக்கு குறைவுதான். எந்த நிறத்தையும் அது விழுங்காது. அதனால் இதைத்தான் முதலில் முயன்று பார்த்தோம்.

படம் எடுப்பது பற்றிய பாடங்களில் எல்லாம் ஒரு வரி தவறாமல் வரும்: வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேர்ந்தெடு, அங்கே நேர் வெயில் வராது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது சரி. அங்கே உச்சிச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். உதிப்பதும் மறைவதுமே வடகிழக்கிலும் வடமேற்கிலும்தான். உச்சி வெயிலை சன்ஷேடு மறைத்துவிடும், ஆனால் காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து நேராக உள்ளே வரும். தங்கச்சி வீட்டு வடக்கு ஜன்னலில் ஜூன் மாதம் எட்டு மணிக்குப் புடவை மேல் கம்பி நிழல் கோடு கோடாக விழுந்திருந்தது. தை மாதத்தில் அதே ஜன்னல் நாள் முழுக்க அமைதியாக இருக்கும்.

அப்புறம் ஐப்பசி. தீபாவளிச் சரக்கு மொத்தமும் படம் எடுக்க வேண்டிய வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. வானம் மூடினால் வெளிச்சம் குறைவதோடு நீலமும் ஏறும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். வெறும் வெயிலின் நிறவெப்பம் 5500 கெல்வினை ஒட்டி இருக்கும். நிழலும் மேகமும் சேர்ந்தால் 7000-ஐத் தாண்டிவிடலாம். மஞ்சள் புடவை எலுமிச்சை நிறத்துக்குப் போவது இதனால்தான்.

ஜன்னலைவிட என்னை ஏமாற்றியது தரை. அவள் வீட்டுத் தாழ்வாரம் பழைய ரெட் ஆக்சைடு தரை, பார்க்க அவ்வளவு அழகு. அதில் பட்டு எழும் வெளிச்சம் சிவப்பாகத்தான் எழும். வெள்ளைப் புடவை ஒன்றின் மேல் பாதி வெள்ளையாகவும் கீழ்ப் பாதி லேசான ரோஜா நிறமாகவும் படத்தில் வந்தது. இதை ஆப்பில் ஒரே திருத்தத்தில் சரி செய்ய முடியாது, ஏனென்றால் ஒரே துணியில் இரண்டு நிறத் தவறு இருக்கிறது. தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்ததும் போய்விட்டது. பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் எடுத்தாலும் இதே கதைதான்.

மாதம் நான்கைந்து பொருள் மட்டும் விற்பவர் என்றால் நான் ஜன்னலையே சொல்வேன். ஒரே ஜன்னல், ஒரே மணி நேரம், வெயில் நேராக விழாத நாள், தரையில் வேட்டி. மழை என்றால் அன்று எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் தங்கச்சிக்கு ஒத்துவரவில்லை. வாரச் சரக்கை ஐப்பசியில் வானம் வெளுக்கும் வரை நிறுத்தி வைக்க முடியாது.

ஸ்டுடியோ

அவளுக்கு ஒரு ஸ்டுடியோவில் புடவைக்கு நான்கு படம், 150 ரூபாய் என்றார்கள். குறைந்தது முப்பது புடவையாவது சேர்த்துக் கொண்டுவர வேண்டும். விலை நியாயம்தான். முதல் மாதப் படங்கள் நன்றாக இருந்தன. இரண்டாம் மாதமும் நன்றாக இருந்தன, ஆனால் வேறு மாதிரி. எடுத்தவர் வேறு ஆள், படத்தைத் திருத்தியவரும் வேறு ஆள். முதல் ஆள் பின்னணியை லேசான சாம்பலாக விட்டிருந்தார். இரண்டாமவர் துணியை வெட்டி எடுத்து வெள்ளையில் ஒட்டியிருந்தார், அப்படியே நிறத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தார். கல்யாண ஆல்பம் பழகிய கை, பளிச்சென்று கொடுத்தால்தான் வேலை செய்த திருப்தி. அவரைக் குறை சொல்ல முடியாது. என்ன வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

எழுதிக் கொடுத்தால் ஸ்டுடியோ நல்ல வழிதான், சிலருக்கு. இங்கேதான் பலரும் கணக்கைத் தவற விடுகிறார்கள். மாதம் எத்தனை பொருள் என்பதைவிட, ஒரு படம் எத்தனை முறை விற்றுக் கொடுக்கும் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு வகை சோப்பு செய்து விற்பவருக்கு ஒரு முறை எடுத்த படம் வருடம் முழுக்க உழைக்கும். அவர் ஒரே நாளில் பன்னிரண்டையும் ஒரே கையால் எடுக்க வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சுங்குடி அப்படி இல்லை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால் ஒன்று போல் இன்னொன்று வராது. ஒவ்வொரு புடவைக்கும் தனிப் படம், அந்தப் புடவை விற்றதும் படத்தின் ஆயுளும் முடிந்தது. முப்பது சேரும் வரை காத்திருந்தால் முதல் வாரம் வந்த புடவை நான்காம் வாரம்தான் கடைக்கு வரும்.

உடுத்திய படத்துக்கு மட்டும் வருடத்தில் இரண்டு முறை ஸ்டுடியோ என்று வைத்துக்கொண்டோம். கொசுவம் எப்படி விழுகிறது, துணி எவ்வளவு மெல்லியது என்பதெல்லாம் உடுத்தினால்தான் தெரியும். அதற்கு ஆளும் இடமும் வேண்டும்.

வீட்டிலேயே ஒரு மூலை

கடைசியில் நின்றது இதுதான். ஒரு எல்இடி விளக்கு, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டு, ஃபோனுக்கு டிரைபாட், பின்னணித் துணி எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டுடியோ விலையில் கணக்குப் போட்டால் ஐம்பத்துச் சொச்சம் புடவையில் போட்ட பணம் திரும்பிவிடும்.

விளக்கு வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று மட்டும் பார்க்காதீர்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு எண் உண்டு, நூற்றுக்கு எத்தனை என்று. வீட்டு பல்பு, ட்யூப் லைட் எல்லாம் பெரும்பாலும் 80-ஐ ஒட்டி இருக்கும். அவை கோட்டை விடுவது முக்கியமாக அடர்ந்த சிவப்பில். அரக்கு காய்ந்த புளியாக மாறியதன் காரணம் இதுவே. படம் எடுக்க 95-க்கு மேல் போட்டிருக்கும் விளக்கை வாங்க வேண்டும். அட்டையில் ஆர்9 என்று தனியாக ஒரு எண்ணும் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. அது அடர்சிவப்புக்கான மதிப்பெண், 90-ஐத் தொட்டால் சுங்குடிக்குக் கவலை இல்லை.

விளக்கு செட்டுகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். வாங்கியவர்கள் எல்லாரும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டையும் நிறுத்தி, நடுவில் பொருளை வைப்பார்கள். நிழலே விழாது. சட்டைப் பெட்டிக்குச் சரி, சுங்குடிக்கு அது எமன். நூல் கட்டி அவிழ்த்த இடத்தில் துணி மொட்டு மாதிரி லேசாகப் புடைத்து நிற்கும், புள்ளியும் சீரான வட்டமாக இருக்காது. அச்சில் அடித்த புடவையிலிருந்து கைச்சுங்குடியைப் பிரித்துக் காட்டுவதே அந்தப் புடைப்புதான். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் அடித்தால் அது தட்டையாகி, கைவேலை அச்சு மாதிரி தெரியும். விலை இருமடங்கு சொல்லிவிட்டுப் படத்தில் அச்சுப் புடவையைக் காட்டினால் யார் வாங்குவார்கள்?

அதனால் ஒரே விளக்கு, இடது பக்கம், புடவைக்கு 45 டிகிரி சாய்வில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே. வலது பக்கம் விளக்குக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. நிழலின் கருமையை அது தணிக்கும், புடைப்பை அழிக்காது. முதல் நாள் விளக்கைப் புடவையிலிருந்து மூன்றடியில் வைத்தாள். இடது ஓரம் வெளுத்து, வலது ஓரம் இருட்டிவிட்டது. வெளிச்சம் தூரத்தோடு வேகமாகக் குறையும். மூன்றடியில் இருக்கும் ஓரத்தைவிட ஆறடியில் இருக்கும் ஓரத்துக்கு ஏறக்குறைய கால் பங்குதான் போய்ச் சேரும். விளக்கை ஆறடிக்குத் தள்ளியதும் இரண்டு ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெர்மாகோல் சமாளிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

படம் எடுக்கும்போது அறையில் வேறு எந்த விளக்கும் எரியக் கூடாது, ஜன்னலும் மூடியிருக்க வேண்டும். ட்யூப் லைட் எரிந்துகொண்டே இருந்தால் மடிப்பின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் ஒரு நிறம் என்று வரும். இதைத்தான் அவள் அதிகமாக மறந்தாள், இப்போதும் மறக்கிறாள்.

பின்னணியே சாட்சி

பின்னணிக்கு வெள்ளையா, வேறு நிறமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. அமேசானில் விற்பதானால் பேச்சே இல்லை, முதல் படத்துக்குச் சுத்த வெள்ளை கட்டாயம், பொருளும் படத்தில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும். அவள் அங்கே விற்கவில்லை. தங்கச்சிக்குச் சந்தன நிறம் பிடித்தது. சந்தனப் பின்னணியில் மஞ்சள் புடவை மங்கும், நீலப் புடவை உண்மையைவிட அதிகம் நீலமாகத் தெரியும். வெள்ளையில் வெள்ளைப் புடவையின் ஓரம் காணாமல் போகும். நான் லேசான சாம்பலில் பிடிவாதமாக நின்றேன். எந்த நிறத்தையும் அது இழுக்காது என்பது ஒரு காரணம். படம் தவறிப்போனால் முதலில் காட்டிக்கொடுப்பதும் சாம்பல்தான் என்பது இன்னொன்று.

ஃபோனைத் தானியங்கியில் விட்டு நான்கு புடவை எடுத்துப் பாருங்கள். சிவப்புப் புடவை படத்தை நிறைத்திருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று ஃபோன் நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளும், பின்னணி நீலம் தட்டும். பச்சைப் புடவைக்கு அதே பின்னணியில் ரோஜாச் சாயல் ஏறும். வெள்ளைப் புடவையை அதிக வெளிச்சம் என்று எண்ணி மங்க வைக்கும், கறுப்புப் புடவையைத் தூக்கிச் சாம்பலாக்கும். சுவர் ஒன்றே, விளக்கு ஒன்றே, ஆனால் நான்கு படத்தில் நான்கு பின்னணி. ஒரு பக்கம் முழுக்க ஒரே கடையாகத் தெரியாமல் போவதற்கு அலங்காரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

மருந்து, கேமராவில் எல்லா அளவையும் நாமே கையால் வைக்கும் ப்ரோ மோடில் எல்லாவற்றையும் பூட்டிவிடுவது. அவள் ஃபோனில் வைட் பேலன்ஸ் 5500 கெல்வின், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் இருட்டுப் பட்டை விழாது. ஐஎஸ்ஓவும் ஷட்டரும் உங்கள் விளக்கைப் பொறுத்தது, எண் முக்கியமில்லை, வாரா வாரம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். ப்ரோ மோட் இல்லாத ஃபோனில் பின்னணித் துணியைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, அப்புறம் புடவையைத் தொங்கவிடலாம். அரைக் கிணறு தாண்டிய மாதிரிதான், ஆனாலும் தானியங்கியைவிட மேல்.

ஃபோனை எட்டடி தள்ளி டிரைபாடில் நிறுத்தி, இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கச் சொன்னேன். பக்கத்தில் போய் ஜூம் இல்லாமல் எடுத்தால் புடவை நடுவில் பெருத்து ஓரங்களில் சாயும், பார்டர் வளையும். டிரைபாடின் மூன்று கால், விளக்கு ஸ்டாண்டின் கால், தெர்மாகோல் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் தரையில் டேப் ஒட்டிவிட்டோம். வாரம் ஒரு முறை எடுத்து மாட்டும் மூலைக்கு டேப்தான் உயிர்.

ஒவ்வொரு முறையும் முதல் படம் புடவை இல்லாமல்: தொங்கும் கழியில் கிரே கார்டு என்ற சாம்பல் நிற அட்டை ஒன்றும், அரக்கு, மஞ்சள் என்று இரண்டு துண்டு மாதிரித் துணியும். கெல்வினை மாற்றினால் நீலம் மஞ்சளை மட்டுமே சரி செய்ய முடியும். மலிவு எல்இடியில் இருக்கும் பச்சைச் சாயலை அது தொடாது. படம் திருத்தும் லைட்ரூம் ஆப்பில் சொட்டுக்குழாய்க் குறியை அந்தக் கார்டின் மேல் வைத்தால் இரண்டும் ஒருசேரச் சரியாகும். அந்தத் திருத்தத்தை நகல் எடுத்து அன்றைய எல்லாப் படங்களிலும் ஒட்டிவிடலாம். தனித்தனியாகப் படத்தை அழகுபடுத்துவது கூடாது. அந்தத் தடையை மட்டும் கறாராகப் போட்டேன்.

சரிபார்ப்பதும் எளிது. பின்னணியின் ஒரே இடத்தில் நிற எண்களைப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 200-ஐ ஒட்டி, ஐந்துக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்து மொத்தமாகக் குறைந்திருந்தால் விளக்கு நகர்ந்திருக்கிறது. நீலம் மட்டும் ஏறியிருந்தால் ஜன்னல் திறந்திருக்கிறது. ஒரு நாள் 203, 199, 214 என்று அனுப்பினாள். "ஜன்னலை மூடும்மா" என்று பதில் போட்டேன். "எப்படிண்ணா தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூலைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம். கூடவே நான்கு படங்களின் வரிசை: மடித்துத் தொங்கும் முழுப் புடவை, முந்தானை, பார்டரும் உடலும் சேரும் இடம், ஒரு சாண் அகலத்தில் புள்ளிகள். எல்லாம் 4:5 நீள்சதுரத்தில், மேலே கழி எப்போதும் ஒரே உயரத்தில். இன்ஸ்டாகிராம் 2025 ஜனவரியில் ப்ரொஃபைல் பக்கக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4-க்கு நீட்டியபோது சதுரத்துக்கென்றே எடுத்தவர்களின் படங்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டன. அதனால் நாலா பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே எடுக்கிறாள். ஸ்டுடியோவுக்குப் போகும்போது இதே தாளின் நகலும், எங்கள் படங்களில் மூன்றும், பின்னணித் துணியும் கூடவே போகின்றன. இந்த முறை யாரும் வெட்டி ஒட்டவில்லை.

பழைய படங்களை என்ன செய்வது என்று கேட்டாள். விற்றுப்போனவற்றை மறைத்துவிட்டோம், கையிருப்பில் இருந்த பத்தொன்பது புடவையை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தோம்.

இந்த மூலைக்கு அடங்காதது ராணிப் பிங்க் ஒன்றுதான். அதில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, புள்ளியும் மடிப்பும் ஒரே பூச்சாகிவிடும். அதற்கு மட்டும் ஷட்டரை 1/100-க்கு மாற்றி எடுத்து, பின்னணி எண்ணைப் பார்த்துப் பிறகு லைட்ரூமில் தேவையான அளவுக்கு மட்டும் தூக்குகிறாள். அப்படியும் ஒவ்வொருவர் ஃபோன் திரையிலும் அது ஒவ்வொரு மாதிரிதான் தெரிகிறது. அதனால் ராணிப் பிங்க் புடவைகளுக்குக் கீழே மட்டும் ஒரு வரி சேர்க்கிறாள்: "நேரில் இதைவிட ஒரு படி அடர்த்தி, பகல் வெளிச்சத்தில் வீடியோ வேண்டுமென்றால் கேளுங்கள்."